முனை எண்ணில் தொடங்கி வரையும் டி.என்.ஏ கவை: நீண்டநாள் அனுபவம்

டி.என்.ஏ நகலாகும்போது இரட்டை இழை பிரியும் இடமான இரட்டிப்புக் கவையைப் பல ஆண்டுகளாக ஒரே முறையில்தான் வரைந்தும் வரையச் சொல்லியும் வருகிறேன். முதலில் இரண்டு பழைய இழைகள், உடனே அவற்றின் முனை எண்களான 5', 3', அதற்கப்புறம்தான் புதிய இழைகளும் நொதிகளும். நொதிப் பெயர்களை முதலில் எழுதிவிட்டு அம்புக்குறிகளைக் கடைசியில் போடுபவர்களின் படம் பெரும்பாலும் பின்தங்கும் இழையில்தான் தவறுகிறது.

பிரியாத இரட்டை இழையை வலப்பக்கம் வையுங்கள். கவை இடப்பக்கம் விரியட்டும். வார்ப்பிழை என்பது பழைய இழை. மேல் வார்ப்பிழையின் இட முனை 3', வல முனை 5'. கீழ் வார்ப்பிழைக்கு நேர் எதிர். பாலிமரேஸ் புதிய இழையை 5'-லிருந்து 3' நோக்கி மட்டுமே வளர்க்கும். புதிய இழை வார்ப்புக்கு எதிர்த்திசையில் ஓடும். அதனால் மேலே அம்பு கவையை நோக்கித் தடையில்லாமல் போகிறது. அது முன்செல் இழை. கீழே அம்பு கவையை விட்டு விலகி இடப்பக்கம் போகும். கவை மேலும் திறக்கத் திறக்க, அதை ஒட்டி ஒரு புதிய துண்டு தொடங்கியே ஆக வேண்டும். இப்படி ஒகசாகி துண்டுகளாக உருவாவதுதான் பின்தங்கும் இழை.

ஒகசாகி துண்டுகள் மூன்றை வரையும்போது நான் பார்ப்பது இதைத்தான்: ஒவ்வொரு துண்டின் வல முனையில், அதாவது கவைப் பக்க முனையில், துண்டைத் தொடங்கிவைக்கும் ஆர்.என்.ஏ பிரைமர் இருக்கிறதா? அதற்கென்று தனி நிறப் பேனா வைத்திருப்பது நல்லது. இட முனையில் பிரைமர் இருந்தால் அம்பும் திரும்பியிருக்கும். கவைக்கு மிக அருகில் இருப்பதே புதிய துண்டு, அதனால் அதை இன்னும் முடியாததாக, குட்டையாக வரையலாம்.

இவ்வளவும் சரியாக அமைந்தால் நொதிகளுக்கு இடம் தானாகக் கிடைக்கும். பிரைமரை உருவாக்கும் பிரைமேஸ் கவையை ஒட்டிக் கீழே. பாலிமரேஸ் 3 முன்செல் இழையின் வல முனையில் ஒன்று, புதிய துண்டின் இட முனையில் ஒன்று. நடுத்துண்டு வளர்ந்து இடக்கோடித் துண்டின் பிரைமரை முட்டும் இடத்தில் பாலிமரேஸ் 1 அந்த பிரைமரை நீக்கி, இடைவெளியை டி.என்.ஏ-வால் நிரப்புகிறது. மிஞ்சும் வெட்டை லிகேஸ் ஒட்டும். லிகேஸைக் கவையின் வாயருகே வரைந்தால் அங்கே ஒட்டுவதற்கு எதுவும் இருக்காது. முறுக்கைத் தளர்த்தும் டோபோஐசோமெரேஸ் கவைக்கு முன்னால், பிரியாத பகுதியில். ஈ.கோலை பாக்டீரியாவில், இழைகளைப் பிரிக்கும் ஹெலிகேஸ் வளையம் கீழ் வார்ப்பிழையைச் சுற்றி நிற்கும். பல படங்கள் அதை நடுவில் வைத்துவிடுகின்றன.

இந்தத் தட்டைப் படத்தில் ஒரு குறை உண்டு. இரண்டு பாலிமரேஸ்களும் எதிரெதிராக ஓடுவதுபோல் தெரியும். செல்லில் அவை ஒன்றாகப் பிணைந்து கவையோடு நகர்கின்றன. பின்தங்கும் வார்ப்பிழைதான் வளையமாக மடிகிறது. அந்த மடிப்பை முதல் படத்திலேயே சேர்த்தால் திசைகள் குழம்பும், பக்கத்தில் தனியாக வரைவதே மேல்.

மனிதச் செல்லுக்கும் கோடுகள் இவைதான், பெயர்களும் சில விவரங்களும்தான் மாறும்: முன்செல் இழைக்கு முக்கியமாக பாலிமரேஸ் எப்சிலான், பின்தங்கும் இழைக்கு டெல்டா. ஹெலிகேஸ் மேல் வார்ப்பிழைக்கு மாறிவிடும். பாக்டீரியாவில் 1000 முதல் 2000 நியூக்ளியோடைடு வரை இருக்கும் துண்டுகளை இங்கே 100 முதல் 200 வரை என்று குறிக்க வேண்டும்.