ப்ரொபென்சிட்டி ஸ்கோரோடு நாலு வருஷம்: அந்த 17 தோப்பு எங்கே போச்சு?

போன வாரம் பொள்ளாச்சியில் ஆராய்ச்சி பண்ணும் தம்பி ஒருத்தன் கூப்பிட்டான். "ஏனுங்ண்ணா, நீங்க இன்னும் மேட்சிங்தான் பண்றீங்களா? வேண்டாம்னு கட்டுரையே வந்துருச்சுங்களே." 2019-இல் கேரி கிங்கும் ரிச்சர்ட் நீல்சனும் எழுதியதைத்தான் சொல்கிறான். ஜோடி சேர்க்க ப்ரொபென்சிட்டி ஸ்கோரைப் பயன்படுத்தக் கூடாது என்பதே அதன் தலைப்பு. ஒரு மணி நேரம் அவனிடம் புலம்பினேன். அந்தப் புலம்பல்தான் இது.

அந்த ஸ்கோர் 1983-இல் ரோசன்பாமும் ரூபினும் கொடுத்த யோசனை, இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். என் வேலைக்கு அது எப்படி வந்தது என்று மட்டும் சொல்கிறேன். சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதிப் பக்கம் 214 தென்னந்தோப்புகளில் கணக்கெடுத்திருந்தோம். கேரளாதான், ஆனாலும் மழை மறைவுப் பகுதி. ஆழியாறு தண்ணீர் வந்தால் உண்டு, இல்லையென்றால் போர்தான். 64 பேர் சொட்டு நீர் போட்டவர்கள், 150 பேர் போடாதவர்கள். போட்டவர்களுக்கு மரத்துக்கு வருஷம் 31 காய் கூடுதல். திட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் அந்த 31-ஐத் தட்டி போட்டு மாட்டவே தயாராக இருந்தார்கள்.

சொட்டு நீர் போட்டவர் யார்? நிலம் அதிகம் உள்ளவர், போர் உள்ளவர், பேங்க் கடன் கிடைத்தவர். சொட்டு நீரே இல்லாவிட்டாலும் அவர் தோப்பு நன்றாகத்தான் காய்த்திருக்கும். அதனால் ஏக்கர், போர், கடன், மரத்தின் வயசு, வாய்க்காலில் தலைமடையா கடைமடையா என்ற ஐந்தையும் லாஜிஸ்டிக் ரிக்ரஷனில் போட்டு, 'இப்படிப்பட்டவர் சொட்டு நீர் போட்டிருக்க எவ்வளவு வாய்ப்பு' என்று ஆளுக்கொரு எண் வாங்கினோம். அந்த எண்தான் ப்ரொபென்சிட்டி ஸ்கோர். ஒரே மாதிரி எண் உள்ள இரண்டு பேரில் ஒருவர் போட்டவர், ஒருவர் போடாதவர் என்றால் அவர்கள் ஜோடி.

முதலில் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்ட வசதியாக இருக்கும். ஜோடி சேர்த்து முடியும்வரை காய் எண்ணிக்கையைப் பார்க்கவே தேவையில்லை. ஏக்கர் இரு பக்கமும் ஒத்து வந்ததா என்று பார்க்கலாம். வராவிட்டால் மாடலை மாற்றலாம், மறுபடி சேர்க்கலாம். விளைச்சல் தெரியாமல் செய்வதால் நமக்குப் பிடித்த பதில் வரும்வரை குடையும் ஆசைக்கு வழியில்லை. ரிக்ரஷனில் இந்த நிம்மதி எனக்குக் கிடைத்ததே இல்லை. ஓட்டினாலே பதில் கண்ணில் படும். நான் காய் எண்ணிக்கையைத் தனி ஃபைலில் எடுத்துக் கூட வேலை செய்யும் அக்காவிடம் கொடுத்துவிடுவேன். ஏக்கரில் இரு பக்கத்துக்கும் இருந்த வித்தியாசம் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் கணக்கில் 0.91. அது 0.07 ஆன பிறகுதான் ஃபைலைக் கேட்டேன். 0.1-க்குக் கீழே வந்தால் போதும் என்பது வழக்கம்.

இனி எரிச்சல். எவ்வளவு தூரம் வரை ஜோடி என்று ஒத்துக்கொள்வது? அந்த எல்லைக்குக் காலிப்பர் என்று பெயர். போட்டிருக்கும் வாய்ப்பைப் போடாதிருக்கும் வாய்ப்பால் வகுத்து லாக் எடுத்தால் லாஜிட். அந்த லாஜிட் அளவில் 0.2 ஸ்டாண்டர்ட் டீவியேஷன் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நானும் `caliper = 0.2` என்று போட்டேன். R-இல் ஜோடி சேர்க்கும் `matchit` சும்மா விட்டால் லாஜிட்டில் அளக்காது, வாய்ப்பு அளவிலேயே அளக்கும். இது தெரியாமல் ஒரு வருஷம் ஓட்டினேன். 0.50-க்கும் 0.54-க்கும் உள்ள தூரம் லாஜிட்டில் 0.16. 0.93-க்கும் 0.97-க்கும் 0.89. வாய்ப்பு அளவில் இரண்டும் ஒரே 0.04. அதனால் மேல் நுனியில் சேரவே கூடாத தோப்புகள் சேர்ந்துபோயின. பழுது பார்த்த பிறகு இப்படி:

```r
m <- matchit(drip ~ acre + bore + loan + age + kadaimadai,
             data = d, method = "nearest",
             distance = "glm", link = "linear.logit",
             caliper = 0.2)
summary(m)
```

பழைய கணக்கில் 58 ஜோடி, 15 காய் வித்தியாசம். திருத்திய பிறகு 47 ஜோடி, 12 காய். 31 எங்கே, 12 எங்கே!

ஆனால் 64 பேரில் 17 பேருக்கு ஜோடியே கிடைக்கவில்லை. யார் என்று பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் 14 பேர் பத்து ஏக்கருக்கு மேல், இரண்டு போர் வைத்திருப்பவர்கள். அந்த அளவில் சொட்டு நீர் போடாதவர் எங்கள் பக்கம் அநேகமாக இல்லை. ஒப்பிட ஆள் இல்லாததால் அவர்கள் கழிந்தார்கள். அதில் தவறில்லை. ஆனால் 'சொட்டு நீர் போட்டவர்களுக்கு என்ன பலன்' என்பது நாம் கேட்ட கேள்வி. கையில் இருப்பது 'போட்டவர்களில் நடுத்தரத் தோப்புக்காரர்களுக்கு என்ன பலன்' என்பதற்கான பதில். கேள்வி மாறிவிட்டது. `summary` கடைசியில் எத்தனை பேர் ஜோடியில்லாமல் நின்றார்கள் என்று ஒரு வரி போடும், அவ்வளவுதான். அறிக்கையில் அந்த வரியை யாரும் சேர்ப்பதில்லை. முதல் தடவை நானும் சேர்க்கவில்லை. மானியத்தில் பெரும்பங்கு அந்த 17 பேருக்குத்தான் போயிருந்தது என்று கூட்டத்தில் ஒரு விவசாயி எழுந்து சொன்னபோது என்னிடம் பதில் இல்லை.

சரி, சேர்ந்த ஜோடியாவது ஒத்திருக்கிறதா? 0.62 வாங்கிய ஒரு ஜோடியை வண்டி எடுத்துப் போய்ப் பார்த்தேன். சொட்டு நீர் போட்டவருக்குக் கடைமடையில் மூணு ஏக்கர், ஒரு போர், கூட்டுறவுக் கடன். போடாதவருக்குத் தலைமடையில் ஏழு ஏக்கர், கடன் கிடையாது, வாய்க்கால் தண்ணீர் காலடியில். பத்துப் பொருத்தத்தையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் இப்படித்தான்: மார்க் ஒன்று, ஆள் வேறு. மொத்தக் கூட்டமாக எடுத்தால் சராசரி ஒத்துப்போகும், ஸ்கோர் தரும் வாக்குறுதியும் அதுதான். தனி ஜோடிக்கு அது பொறுப்பேற்பதில்லை. கிங், நீல்சன் கோபமும் பாதி இதில்தான். அதனால் `exact = ~ kadaimadai` என்று சேர்த்து, கடைமடைக்காரரைக் கடைமடைக்காரரோடு மட்டும் சேர்த்தேன். 41 ஜோடி, 9 காய். இன்னும் ஆறு பேர் கழிந்தார்கள்.

போர் எத்தனை அடி என்பதை நாங்கள் கேட்கவே இல்லை என்பது வேறு வயிற்றெரிச்சல். 900 அடியில் தண்ணீர் நிற்கும் போரும், அரை மணி நேரத்தில் காற்று வாங்கும் போரும் எங்கள் ஃபைலில் ஒரே '1'தான். கேட்காததை எந்த ஸ்கோரும் சமன் செய்யாது. அந்த 9-இலும் ஆழமான போரின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

"அப்போ விட்டுரட்டுங்களாண்ணா?" என்றான் தம்பி. விட்டுவிடு என்றுதான் சொன்னேன், கடுப்பில். பத்து நிமிஷம் கழித்து நானே திரும்பக் கூப்பிட்டேன். ஃபைலை அனுப்பச் சொன்னேன், விளைச்சல் இருக்கும் நெடுவரிசையை அழித்துவிட்டு. போர் ஆழம் கேட்டிருக்கிறானா என்றும் விசாரித்தேன். கேட்கவில்லையாம்.