பழைய வெண்டை விதை: தண்ணீரில் போடவா, ஈரத்தாளில் வைக்கவா?

போன ஆடிப்பட்டத்தில் மிஞ்சிய வெண்டை விதை டப்பாவிலேயே கிடந்தது. காரைக்குடிப் பக்கத்து வெயிலில் ஒரு வருடம் இருந்த விதையை நம்பி பாத்தி முழுக்க ஊன்ற மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி, "தண்ணியில போடுப்பா, மெதக்குறத அள்ளிக் கொட்டிரு, முங்குறத ஊணு" என்றார். நான் ஈரத்தாளில் வைத்தேன்.

தண்ணீர்ச் சோதனை ஐந்து நிமிட வேலை. பூச்சி குடைந்ததும் சப்பையும் மேலே வந்துவிடும், அதற்கு நல்லது. ஆனால் உள்ளே கரு செத்த விதையும் கனமாகத்தான் இருக்கும், முங்கிவிடும். உலர்ந்த நல்ல விதை சில சமயம் மிதக்கும். தொட்டியில் மண் போட்டுப் பார்ப்பது மூன்றாவது வழி. வராவிட்டால் விதை செத்ததா, எறும்பு கொண்டுபோனதா என்று தெரியாது.

தாளில் எண்ணிக்கை கிடைக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். பொறுக்கி எடுக்காமல், கைக்கு வந்தபடி 20 விதையை இரவு முழுக்க ஊறவைத்து, டிஷ்யூ தாளில் இடைவெளி விட்டுப் பரப்பிச் சுருட்டி, பாலிதீன் பையில் வாயை லேசாக மடித்து, வளவு நிழலில் வைக்க வேண்டும். தாளைப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. சொட்டினால் விதைக்குக் காற்று கிடைக்காமல் அழுகும். வெண்டை நாலைந்து நாளில் முளைவிடும், ஒரு வாரம் பொறுக்கலாம். வேர் நன்றாக நீண்டதை மட்டும் எண்ணுங்கள், வெள்ளையாக எட்டிப் பார்த்து நின்றுபோனதைச் சேர்க்காதீர்கள். முளைக்காததை நசுக்கினால் கூழாகிறதா, செத்தது. கல்லாக இருந்தால் தண்ணீரே உள்ளே போகவில்லை, அது வேறு கணக்கு.

20-ல் 11 வந்தது என்று வையுங்கள், 55 சதம். விற்கும் வெண்டை விதைக்கு இந்தியத் தர அளவு குறைந்தது 65. குப்பையில் போடும் அளவுக்கு மோசமில்லை, ஆனால் குழிக்கு இரண்டு ஊன்றினால் 100 குழியில் சுமார் 20 காலியாகும். மூன்று ஊன்றினால் 9 தான். மூன்றும் வந்த இடத்தில் ஒன்றை விட்டு மற்றதைக் களைந்துவிடலாம். பாதிக்கும் கீழே போனால் நான் புது விதைதான் வாங்குவேன். தண்ணீரில் முங்கியதை வைத்து இப்படிக் கணக்குப் போட முடியாது.

தாளில் வருவது எல்லாம் மண்ணில் வராது என்பதும் உண்மை. நம் செம்மண் மழை பெய்து காய்ந்தால் மேலே ஓடு கட்டும், பழைய விதையின் பலவீனமான முளை அதை முட்டித் திறக்காது. அதனால் கணக்குக்கு மேலே கொஞ்சம் கூட்டியே ஊன்றுகிறேன். முளைத்த விதையை வேர் உடையாமல் நட்டுவிடலாம், வீணாகாது.

கத்தரி, மிளகாய்க்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகும், அதற்குள் தாளில் பூசணம் பிடிக்க வாய்ப்பு அதிகம். பாகல் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. கெட்டி ஓட்டை லேசாகத் தேய்த்து ஊறவைப்பது நல்லது என்று மட்டும் சொல்வேன்.