'ரீஃபண்ட் அனுப்பியாச்சு' என்று ஏஜெண்ட் சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்

அப்பா, அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டில் பல வருட ஆசை. 2024 ஜூலையில் சென்னையிலிருந்து வாரணாசிக்கு மூன்று டிக்கெட் போட்டேன். விமான நிறுவனத்தின் தளத்தில் போடாமல், 300 ரூபாய் தள்ளுபடி காட்டிய ஒரு பயண ஏஜெண்டின் செயலியில் போட்டேன். மொத்தம் 27,450 ரூபாய் என் கிரெடிட் கார்டிலிருந்து போனது. அதில் 1,050 ரூபாய் ஏஜெண்டின் சேவைக் கட்டணம், மீதி 26,400 விமானக் கட்டணம். இந்தப் பிரிவைப் பிறகுதான் கவனித்தேன்.

செப்டம்பர் 12 அன்று விமானம் ரத்து என்று குறுஞ்செய்தி வந்தது. நாங்கள் ரத்து செய்யவில்லை, விமான நிறுவனமே செய்தது. அப்படியானால் மாற்று விமானம் அல்லது முழுப்பணம், இரண்டில் ஒன்றைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. அன்றே செயலியில் ரீஃபண்ட் பொத்தானை அழுத்தினேன். செப்டம்பர் 25 அன்று 'உங்கள் ரீஃபண்ட் அனுப்பப்பட்டுவிட்டது, 5 முதல் 7 வேலை நாளில் கார்டில் வரும்' என்று மின்னஞ்சல் வந்தது. தொகை 25,500 என்றிருந்தது. ஆளுக்கு 300 ரூபாய் வீதம் 'ரத்துக் கட்டணம்' பிடித்திருந்தார்கள். விமான நிறுவனம் ரத்து செய்ததற்கு என்னிடம் ஏன் கட்டணம் என்று கேட்டேன். பதில் இல்லை.

அக்டோபர் 7 வரை எதுவும் வரவில்லை. கஸ்டமர் கேரில் கேட்டால், "எங்கள் பக்கம் முடிந்துவிட்டது, உங்கள் வங்கியைக் கேளுங்கள்." வங்கியில் கேட்டால், "அந்த வணிகரிடமிருந்து எங்களுக்கு எதுவுமே வரவில்லை சார்." இரண்டு வாரம் இப்படியே போனது. வங்கியில் பேசிய பெண்தான் ஒரு வழி சொன்னார். "ஏஆர்என் கேளுங்கள் சார். அது இருந்தால் பணம் எங்கே நிற்கிறது என்று நாங்கள் தேட முடியும்."

ஏஆர்என் என்பது ஒரு கார்டு பரிவர்த்தனைக்கு வணிகரின் வங்கி தரும் அடையாள எண். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் 23 இலக்கம், முழுக்க எண்கள். பணத்தை உண்மையிலேயே அனுப்பியிருந்தால் ரீஃபண்டுக்கும் இந்த எண் இருக்கும். ஏஜெண்டிடம் கேட்டேன், உடனே ஒன்று அனுப்பினார்கள். ஆங்கில எழுத்தில் தொடங்கி, பின்னால் பத்து இலக்கம். அதை வங்கியில் படித்துக் காட்டினேன். "எழுத்து இருக்கே சார், இது ஏஆர்என் இல்லை. அவங்க உள்ளுக்குள்ளே வைத்திருக்கிற புகார் எண்ணாக இருக்கும்," என்றார். மனது கொதித்துவிட்டது. ஒரு மாதமாக 'அனுப்பிவிட்டோம்' என்று சொன்ன பணம் அவர்கள் கையை விட்டு நகரவே இல்லை.

இங்கேதான் பெரும்பாலானோருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஏஜெண்ட் மூலம் டிக்கெட் எடுத்தால், கார்டு ஸ்டேட்மென்டில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். எனக்கு வந்தது ஏஜெண்ட் பெயர். அதாவது என் கார்டிலிருந்து பணம் எடுத்தது ஏஜெண்ட், விமான நிறுவனத்துக்குக் கட்டியது ஏஜெண்டின் கணக்கு. ஆகவே விமான நிறுவனம் திருப்பித் தரும்போது பணம் அந்த ஏஜெண்டின் கணக்குக்குத்தான் போகும், நம் கார்டுக்கு வராது. அங்கிருந்து நமக்கு அனுப்ப வேண்டியது ஏஜெண்டின் வேலை. பணம் படுத்துக்கொள்ளும் இடம் அதுதான்.

அக்டோபர் 21 அன்று ஏஜெண்டிடமிருந்து அழைப்பு. "சார், வாலட்டில் உடனே போட்டுவிடுகிறோம், அடுத்த டிக்கெட்டுக்குப் பயன்படும், ஓகே சொல்லுங்கள்." நல்லவேளை, மறுத்தேன். கிரெடிட் ஷெல் மாதிரிப் பயணத்துக்காகப் பணத்தை வைத்துக்கொள்வது பயணியின் விருப்பம், நிறுவனமே தீர்மானிக்கக் கூடாது என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. அப்புறம், ஒருமுறை சம்மதித்துவிட்டால் 'வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார்' என்று வங்கியிடம் காட்டிவிடுவார்கள். பிறகு பணத்தைத் திரும்பக் கேட்டு கார்டு வங்கியில் டிஸ்ப்யூட் போட்டாலும் எடுபடுவது கஷ்டம்.

நவம்பர் 4 அன்று பிஎன்ஆர் எண்ணோடு நேராக விமான நிறுவனத்தை அழைத்தேன். இதை நான் முதல் வாரமே செய்திருக்க வேண்டும். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: "26,400 ரூபாய் முழுவதும் செப்டம்பர் 16 அன்றே ஏஜென்சி கணக்குக்குப் போய்விட்டது." வாய்வார்த்தையோடு விடாமல், இதையே மின்னஞ்சலில் எழுதித் தரச் சொன்னேன். இரண்டு நாளில் வந்தது. தேதி, தொகை, பிஎன்ஆர், ஏஜென்சி கணக்குக்குத் திருப்பியது என்ற வரி, எல்லாம் அதில் இருந்தது. அதுவரை என்னிடம் இருந்த எல்லாவற்றையும்விட அந்த ஒரு மின்னஞ்சல்தான் பலமான ஆதாரம்.

நவம்பர் 8 அன்று வங்கியில் டிஸ்ப்யூட் படிவம் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'ரீஃபண்ட் தருவதாகச் சொல்லித் தரவில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். விமானம் ரத்தான குறுஞ்செய்தி, ஏஜெண்டின் 'அனுப்பிவிட்டோம்' மின்னஞ்சல், விமான நிறுவனத்தின் மின்னஞ்சல், வேறெதுவும் இணைக்கவில்லை. இதற்குக் கால வரம்பு இருக்கிறது, பொதுவாக 120 நாள். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது காரணத்தைப் பொறுத்து மாறும், அதனால் உங்கள் வங்கியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏஜெண்ட் ஒவ்வொரு முறையும் 'இன்னும் 7 நாள்' என்று சொல்லச் சொல்ல, இந்த 120 நாள்தான் கரைகிறது. எனக்கு அதில் பாதி ஏற்கெனவே போயிருந்தது.

மூன்று நாள் கழித்து மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் விமான நிறுவனத்தின் மேல் புகார் போட்டேன். ஏஜெண்டின் மேல் இல்லை, கவனியுங்கள். நான் பட்ட காலத்தில் டிஜிசிஏ விதி இப்படி இருந்தது: நேரடியாகக் கிரெடிட் கார்டில் எடுத்த டிக்கெட்டுக்கு 7 நாள், ஏஜெண்ட் வழியாக எடுத்ததற்கு 30 வேலை நாள். ஏஜெண்ட் விமான நிறுவனத்தின் பிரதிநிதி என்பதால், பணம் போய்ச் சேரும் பொறுப்பும் விமான நிறுவனத்துடையதே. 'ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டோம்' என்று அவர்கள் கை கழுவ முடியாது. என் 30 வேலை நாள் அப்போது தாண்டிவிட்டது, அதைத் தேதியோடு எழுதினேன்.

இடையில் ஒரு தவறு செய்யப் பார்த்தேன். ஆத்திரத்தில் சமூக ஊடகத்தில் புகார் எழுதினேன். பத்து நிமிடத்தில் ஏஜெண்டின் லோகோவோடு ஒரு கணக்கு வந்து, கைபேசி எண் கொடுத்து, 'இந்தச் செயலியை இறக்குங்கள், உடனே ரீஃபண்ட்' என்றது. அது திரையைப் பகிரும் செயலி. என் தம்பி பார்த்துத் தடுத்தான். ரீஃபண்டுக்காக அலைபவர்களைக் குறிவைத்தே இந்தக் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. யாரும் பணம் திருப்பித் தர உங்கள் ஓடிபியோ, திரையோ தேவையில்லை.

நவம்பர் 19 அன்று வங்கி 26,400 ரூபாயைத் தற்காலிகமாக வரவு வைத்தது. டிசம்பர் 3 அன்று ஏஜெண்டிடமிருந்து மின்னஞ்சல், இந்த முறை 23 இலக்க எண்ணோடு. இரண்டாம் நாள் 26,400 ரூபாய் கார்டில் ஏறியது, வங்கி தன் தற்காலிக வரவை எடுத்துக்கொண்டது. முன்பு பிடித்திருந்த 900 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை விளக்கமும் இல்லை, பேசாமல் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். 1,050 ரூபாய் சேவைக் கட்டணம் மட்டும் வரவில்லை. அதற்காக தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசிப் பதிந்திருக்கிறேன்.

காசிக்கு ஜனவரியில் போய்வந்தோம், ரயிலில்.