கறுப்புப் பட்டை: வெட்டுவதா, இழுத்து நிரப்புவதா?

பெரியம்மாவின் கலியாண வீடியோ கசற் இடப்பெயர்வில் தொலைந்துபோனது. கனடாவில் இருந்த கொப்பியைச் சித்தி போனில் ஓடவிட்டு, போனை நிமிர்த்திப் பிடித்தபடியே ஸ்கிரீன் ரெக்கோர்ட் செய்து அனுப்பினா. கிளிநொச்சியில் ரிவியில் போட்டுப் பார்த்தால், திரையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத சதுரத்துக்குள் கலியாணம் நடக்கிறது. சுற்றிலும் கறுப்பு.

காரணம் இரண்டு அடுக்குப் பட்டை. பழைய கசற் 4:3 படம், அதாவது அகலம் நாலென்றால் உயரம் மூன்று. அதை 16:9 கோப்பாக மாற்றியபோது இரு பக்கமும் கறுப்பு ஏறியது. அந்தக் கோப்பை 1080×2400 போன் திரையில் பதிந்தபோது மேலும் கீழும் ஏறியது. உண்மையான படம் ஏறக்குறைய 810×607 புள்ளிகள்தான்.

ரிவியின் ஸூம் பொத்தான் ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டியது, அதை விடுங்கள். போன் கலரியில் விரலால் இழுத்து வெட்டலாம். அவசரத்துக்குச் சரி, ஆனால் எந்தத் தரத்தில் சேமிக்கிறது என்பது நம் கையில் இல்லை. ஒரு போனில்தான் முயன்றேன்; அதில் முகங்கள் மெழுகியதுபோல் வந்தன.

மச்சான் சொன்ன வழி, படத்தைப் பெருப்பி ரிவி முழுக்க நிரப்புவது. இதில்தான் நான் முரண்டு பிடித்தேன். 4:3 படத்தை 16:9 ஆக இழுத்தால் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடுவார்கள். இழுக்காமல் நிரப்பினால் உயரத்தில் கால்வாசி போய்விடும்: மேலே 75 வரி, கீழே 75 வரி. அம்மி மிதிக்கும் காட்சியில் பெரியம்மாவின் பாதம் படத்தின் அடிவிளிம்பில்தான் இருக்கிறது. நிரப்பிப் பார்த்தபோது அம்மியும் இல்லை, பாதமும் இல்லை. எல்லோரும் குனிந்து எதையோ பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே பட்டையை மட்டும் வெட்டினேன், கணினியில் கட்டளை எழுதி இயக்கும் ffmpeg என்ற செயலி கொண்டு. அதில் `cropdetect` கறுப்பின் எல்லையைத் தேடித் தரும். முதல் முறை அது தந்த உயரம் 1400க்கு மேல். போனின் மேல்மூலையில் தெரிந்த மணிக்கூட்டையும் படம் என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். உயரம் இப்படி நம்பமுடியாமல் வந்தால் பட்டைக்குள் ஏதோ எழுத்து இருக்கிறது என்று பொருள். முதலில் நடுப்பகுதியைத் தோராயமாக வெட்டிவிட்டு, பிறகு தேடச் சொல்ல வேண்டும்:

```
ffmpeg -ss 60 -i in.mp4 -t 30 -vf "crop=1080:700:0:850,cropdetect=limit=24:round=2" -an -f null -
```

வெளிச்சமான காட்சி உள்ள அரை நிமிடமாகப் பார்த்து எடுங்கள். இருட்டுக் காட்சியென்றால் படத்தின் ஓரத்தையே கறுப்பு என்று நினைத்து அதிகம் வெட்டச் சொல்லும். பட்டை சுத்தக் கறுப்பாக இல்லாமல் புழுதி படிந்ததுபோல் இருந்தால் `limit` எண்ணைச் சற்றுக் கூட்டுங்கள்.

கடைசி வரியில் `crop=808:604:136:48` என்று வந்தது: அகலம், உயரம், இடமிருந்து தூரம், மேலிருந்து தூரம். அந்த 48 நான் ஏற்கெனவே வெட்டிய துண்டுக்குள் எண்ணியது. முழுக் கோப்பில் 850ஐக் கூட்டி 898 என்று கொடுக்க வேண்டும். எண்கள் இரட்டைப்படையாக இருப்பதும் முக்கியம். இவ்வகைக் கோப்புகளில் நிறம் இரண்டுக்கு இரண்டு புள்ளிக்கு ஒன்றாகத்தான் சேமிக்கப்படுகிறது. ஓரத்தில் ஒரு புள்ளி போனாலும் பரவாயில்லை, மயிரிழைக் கறுப்பு மிஞ்சினால் கண்ணை உறுத்தும்.

```
ffmpeg -i in.mp4 -vf "crop=808:604:136:898,setsar=1" -c:v libx264 -crf 18 -preset slow -c:a copy out.mp4
```

இப்படி வெட்டினால் படம் மறுபடி சுருக்கப்படும். `-crf 18` அந்த இழப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் வைக்கும். ஒலி அப்படியே கொப்பியாகும்.

கட்டளை எழுதப் பிடிக்காதவர்களுக்கு HandBrake இருக்கிறது. அதன் தானியங்கி வெட்டும் மணிக்கூட்டில் ஏமாறக்கூடும் என்பதால் எண்களைக் கையால் கொடுப்பது நல்லது. அங்கே கேட்பது ஒவ்வொரு பக்கமும் நீக்க வேண்டிய அளவு: மேல் 898, கீழ் 898, இடம் 136, வலம் 136. இரண்டொரு கோப்பில்தான் பாவித்திருக்கிறேன். விளைவில் வித்தியாசம் தெரியவில்லை.

1440×1080 ஆகப் பெருப்பியும் ஒரு கொப்பி எடுத்துப் பார்த்தேன். கோப்புத்தான் பெருத்தது, தாலிக்கொடியின் விளிம்பு கூர்மையாகவில்லை. பெருப்பும் வேலையை ரிவியே செய்கிறது.

இப்போது ரிவியில் படம் மேலிருந்து கீழ்வரை நிற்கிறது. இரு பக்கமும் இன்னும் கறுப்பு இருக்கிறதே என்று மச்சான் கேட்டார். அது ரிவி போடும் கறுப்பு, கோப்பில் இல்லை. அம்மியும் பாதமும் இருக்கின்றன. சித்தி அனுப்பிய மூலக் கோப்பைத் தனியாகப் பென்டிரைவில் வைத்திருக்கிறேன்.