"தரவு திருத்தப்பட்டது" என்ற ஒற்றை வரி மின்னஞ்சலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்

கோபாலபுரம் எல்லைக்கு இப்பால் கொப்பரைக் களம் வைத்திருக்கிறோம். சரக்கு பெரும்பாலும் பாலக்காட்டுப் பக்கத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போகிறது. மாதாந்திர விற்பனை அறிக்கையும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் தயாரிக்கும் வேலையை ஒரு கணக்கு அலுவலகத்திடம் கொடுத்திருந்தோம். மார்ச் அறிக்கையில் அவர்கள் 7 லோடு, 42 லட்சம் ரூபாய் என்று காட்டினார்கள். நான் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்றேன், அது என் தவறு.

ஏப்ரல் 16 அன்று ஆலைக்காரர் அழைத்து, தம்முடைய ஜிஎஸ்டி கொள்முதல் பட்டியலான 2பி-யில் தமக்கு வராத இரண்டு பில்கள் தெரிவதாகச் சொன்னார். உடனே அலுவலகத்துக்குத் தெரிவித்தேன், "பார்க்கிறோம்" என்றார்கள். பார்க்காமலே 20-ஆம் தேதி வரி கட்டும் மாத ரிட்டர்னான 3பி-யைத் தாக்கல் செய்துவிட்டு, 24-ஆம் தேதி இப்படி எழுதினார்கள்: "தரவுத் திருத்தத்தின் காரணமாக மார்ச் மொத்தம் 30 லட்சமாக மாறியுள்ளது. பழைய அறிக்கையை நீக்கிவிடவும்." கூடவே அதே பெயரில் புதிய கோப்பு.

எந்த பில்கள், ஏன் மாறின, வேறு மாதங்களிலும் இப்படி உண்டா என்பது எதுவும் அதில் இல்லை. நல்லவேளையாகப் பழைய கோப்பை நான் நீக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் ஒரே லோடு PL/118 என்றும் PL-118 என்றும் இருமுறை ஏறியிருப்பது தெரிந்தது. 121-ஆம் பில்லுக்கும் அதே கதை. ஒன்று எங்கள் பில்லிலிருந்தும் மற்றொன்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய எடைச்சீட்டுப் படத்திலிருந்தும் பதியப்பட்டவை. நடுவிலிருந்த குறி வேறாக இருந்ததால் மென்பொருள் இரண்டையும் தனித்தனி பில்லாக எடுத்துக்கொண்டது.

இரண்டு லோடுக்கு 12 லட்சம், அதற்கு 5 சதவீத வரி 60,000 ரூபாய் அதிகமாகக் கட்டியாகிவிட்டது. 16-ஆம் தேதியே கவனித்திருந்தால், 3பி-க்கு முன்பாக ஜிஎஸ்டிஆர்-1ஏ என்ற திருத்தப் படிவம் வழியாக அதே மாதத்திலேயே திருத்தியிருக்கலாம். தாக்கல் செய்த 3பி-யைத் திருத்த வழியில்லை என்பதால், அடுத்த மாத ரிட்டர்னில் சரிக்கட்டும்வரை பணம் முடங்கிக் கிடந்தது.

விளக்கம் கேட்டு மூன்று முறை எழுதிய பிறகு வந்த பதிலும் "வாடிக்கையாளர் தந்த ஆவணங்களில் குழப்பம்" என்றே தொடங்கியது. மாறிய பில் எண், பழைய தொகை, புதிய தொகை, பிழை நுழைந்த இடம், முந்தைய மாதங்களைச் சோதித்த முடிவு ஆகியவற்றை வரிவரியாகத் தராத விளக்கத்தை ஏற்க மாட்டேன் என்று எழுதினேன். அதன்பின் தேடியதில் பிப்ரவரியிலும் ஒரு பில் இரட்டித்திருந்தது. நான் கேட்காதிருந்தால் அது அப்படியே கிடந்திருக்கும்.

இவ்வாறு அறிக்கை பெறுகிறவர்கள் பில் எண்ணை நம்பாமல் தேதி, வண்டி எண், எடை மூன்றையும் வைத்துத் தேடுங்கள். அவை சி, டி, ஈ பத்திகளில் இருந்தால் இந்தச் சூத்திரத்தை இரண்டாம் வரியில் இட்டுக் கடைசி வரிவரை நகலெடுத்தால் போதும்:

```
=COUNTIFS(C:C,C2,D:D,D2,E:E,E2)
```

1-க்கு மேல் வரும் வரியின் எடைச்சீட்டை, 3பி போகும் முன்பே எடுத்துப் பாருங்கள்.