மருந்து விற்பனைப் பிரதிநிதிகளுக்கு ஓர் எச்சரிக்கை: இன்சென்டிவ் பதில் கடிதத்தை எண் எண்ணாகச் சரிபாருங்கள்

நான் ஒரு மருந்து நிறுவனத்தில் விற்பனைப் பிரதிநிதியாக வேலை செய்கிறேன். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டுக்கு எனக்கு வர வேண்டிய இன்சென்டிவ் ஏறத்தாழ 33,000 ரூபாய் என்று கணக்கிட்டு வைத்திருந்தேன். சம்பளச் சீட்டில் 15,000 ரூபாய் மட்டுமே இருந்தது. ஏன் என்று எழுதிக் கேட்டபோது, டார்கெட், சாதனை, சூத்திரம் ஆகிய மூன்றையும் காட்டி மிகவும் நாகரிகமான ஒரு பதில் வந்தது. அந்தப் பதிலை முதலில் படித்தவுடன் தவறு என்னுடையதுதான் என்று நம்பி, மன்னிப்புக் கேட்டு எழுதவும் இருந்தேன். இதே போன்ற கடிதம் உங்களுக்கும் வரக்கூடும் என்பதால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

எங்கள் திட்டச் சர்குலரின்படி, நிறுவனம் ஸ்டாக்கிஸ்டுக்கு பில் போடும் பிரைமரி விற்பனைதான் சாதனையாகக் கொள்ளப்படும். அதிலிருந்து ‘விற்கத்தக்க நிலையில் திரும்பி வந்த சரக்கு’ கழிக்கப்படும். நூறு சதவீதம் எட்டினால் 30,000 ரூபாய். 95 முதல் 100-க்குள் இருந்தால் அதில் முக்கால் பங்கு, 90 முதல் 95-க்குள் இருந்தால் பாதி, 90-க்குக் கீழே ஒன்றுமில்லை. நூறைத் தாண்டிய ஒவ்வொரு முழுச் சதவீதத்துக்கும் 30,000-இல் இரண்டு சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். ஜூன் மாதம் எனக்குக் கொடுத்த டார்கெட் தாளில் 18,00,000 ரூபாய் என்று இருந்தது. காலாண்டு முடிவில் ஜிஎஸ்டி நீங்கலாக 18,90,000 ரூபாய்க்கு பில் ஆகியிருந்தது. அது 105 சதவீதம். ஆகவே 33,000 ரூபாய் என்று எதிர்பார்த்தேன். (பில்லின் அடியில் உள்ள மொத்தத் தொகையை எடுத்துக்கொண்டு சாதனையைக் கணக்கிடாதீர்கள். அதில் வரியும் சேர்ந்திருக்கும். பல நண்பர்கள் இந்த இடத்திலேயே தவறி, நியாயமான கேள்வியையும் வலுவிழக்கச் செய்துவிடுகிறார்கள்.)

பதிலில் இருந்த கணக்கு இதுதான்: டார்கெட் 19,20,000, நிகர சாதனை 17,64,000, சாதனைச் சதவீதம் 91.875, பொருந்தும் படிநிலை பாதி, தொகை 15,000. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். வகுத்தலிலும் பெருக்கலிலும் ஒரு பிழையும் இல்லை. கடிதத்தின் கடைசியில், ‘ஏழு நாள்களுக்குள் போர்ட்டலில் ஏற்பு தெரிவிக்கவும், தவறினால் ஏற்றதாகக் கருதப்படும்’ என்ற வரியும் இருந்தது. அந்த ஏழு நாள்களில் ஐந்து நாள்களை, சூத்திரம் சரியாகத்தானே இருக்கிறது என்ற எண்ணத்தில் வீணாக்கினேன். சூத்திரத்துக்குள் போட்ட இரண்டு எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைத்தான் நான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

சாதனையில் கழித்த 1,26,000 ரூபாய்க்கான கிரெடிட் நோட்டுகளைப் பட்டியலாகக் கேட்டேன். மொத்தத் தொகையை மட்டும் கேட்டால் மொத்தத் தொகைதான் வரும் என்பதால், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் சேர்ந்த பட்டியல் வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேட்டேன். வந்த பட்டியலில் 42,000 ரூபாய்ச் சரக்கு ஒரு ஸ்டாக்கிஸ்ட் அதிகமாக வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்பிய நல்ல சரக்கு. அதைக் கழித்தது நியாயம். என் கணக்கில் நான் அதை விட்டிருந்தது என் தவறு. மீதி 84,000 ரூபாய் முழுவதும் காலாவதியான மாத்திரைகள். அவற்றின் ஆயுள் 24 மாதம். ஆகஸ்டில் காலாவதியானது என்றால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் தயாரான சரக்கு. நான் இந்தப் பகுதிக்கு வந்து பதினான்கு மாதம்தான் ஆகிறது. ஸ்டாக்கிஸ்டிடம் கேட்டபோது, அந்தப் பேட்ச்சுகள் நான் வருவதற்கு முன் பில் ஆனவை என்பதைத் தன் கொள்முதல் பதிவைக் காட்டி உறுதிப்படுத்தினார். எனக்கு முன்பிருந்தவர் காலத்தில் விற்பனையாகக் கணக்கில் ஏறிய சரக்கு, என் காலாண்டில் என் சாதனையிலிருந்து கழிக்கப்பட்டிருக்கிறது. சர்குலரோ விற்கத்தக்க சரக்கைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

டார்கெட்டில் கூடியிருந்த 1,20,000 ரூபாய் வேறு வழியில் வந்தது. பக்கத்து ஊரின் பிரதிநிதி ஜூலையில் விலகினார். அந்த இடம் காலியாகவே இருந்ததால், அதன் டார்கெட்டை ஆகஸ்ட் இறுதியில் சுற்றியுள்ளவர்களுக்குப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். அந்த ஊரின் ஸ்டாக்கிஸ்டுகளுக்கு ஆன விற்பனையில் ஒரு ரூபாய் கூட எங்கள் சாதனையில் சேரவில்லை. எனக்கு எழுத்தில் எந்த அறிவிப்பும் இல்லை. ஏரியா மேனேஜர் ஒருமுறை தொலைபேசியில், “சார், அது மேலிடக் கணக்குக்காகப் போட்டது, உங்கள் இன்சென்டிவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை” என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அன்றே அதை ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்பியிருந்தால் இன்று என் கையில் ஓர் ஆதாரம் இருந்திருக்கும்.

இந்த இரண்டு மாற்றங்களும் தனித்தனியே பார்த்தால் சிறியவை. படிநிலைகள் இருப்பதால்தான் இழப்பு பெரிதாகிறது. இரண்டையும் திருத்தினால் 18,00,000-க்கு 18,48,000, அதாவது 102 சதவீதத்துக்குச் சற்று மேல், தொகை 31,200. டார்கெட்டை மாற்றாமல் காலாவதிச் சரக்கையும் சேர்த்துக் கழித்தால் சரியாக 98 சதவீதம், 22,500. டார்கெட்டை மட்டும் உயர்த்தினால் 96.25 சதவீதம், அப்போதும் 22,500. இரண்டும் சேர்ந்தபோது 95-க்குக் கீழே இறங்கி 15,000 ஆகிவிட்டது. ஏறத்தாழ பதினொரு சதவீதப் புள்ளிகள் குறைந்ததற்கு என் தொகையில் பாதிக்கு மேல் போயிற்று. ஆகவே உங்கள் சதவீதம் ஒரு படிநிலையின் எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றால், அந்தக் கணக்கை இன்னும் கூர்ந்து பாருங்கள். கழிவு ஒன்று தவறாக நுழைந்திருந்தாலே அங்கே படிநிலை மாறிவிடும்.

ஆறாவது நாள், ‘கணக்கை ஏற்கவில்லை’ என்று போர்ட்டலில் பதிவு செய்துவிட்டு, இந்த நான்கு தொகைகளையும், பேட்ச் பட்டியலையும், ஜூன் மாத டார்கெட் தாளையும் இணைத்து எழுதினேன். போர்ட்டலில் குறிப்பு எழுத இடம் குறைவாக இருந்ததால், அதே செய்தியை மின்னஞ்சலாகவும் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, காலாவதிச் சரக்கைக் கழித்தது தவறு என்று ஒப்புக்கொண்டு 7,500 ரூபாயை அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்த்தார்கள். டார்கெட்டைப் பொறுத்தவரை, ‘நிர்வாகம் எந்நேரத்திலும் டார்கெட்டை மாற்றியமைக்கலாம்’ என்ற சர்குலர் வரியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அந்த வரி சர்குலரில் உண்மையில் இருக்கிறது. ஏப்ரலில் அதைப் படிக்காமல் கையெழுத்திட்டவன் நான்தான். மாற்றம் எந்தத் தேதியிலிருந்து செல்லும், யாருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அந்த வரி எதுவும் சொல்லவில்லை. இதைச் சுட்டிக்காட்டி மீண்டும் எழுதியிருக்கிறேன். மீதி 8,700 ரூபாய் இன்னும் வரவில்லை.

இந்தக் காலாண்டின் டார்கெட் தாள் வந்த அன்றே, இந்தத் தொகையில் காலியிடத்தின் பங்கு எவ்வளவு, அந்த ஊரின் எந்த ஸ்டாக்கிஸ்டுகளின் விற்பனை என் பெயரில் சேரும் என்று இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டேன். நான்கு நாளில் பதில் வந்தது. காலியிடத்தின் பங்கு 90,000 ரூபாய் என்றும், இரண்டு ஸ்டாக்கிஸ்டுகள் என் கணக்கில் சேர்க்கப்படுவார்கள் என்றும் அதில் எழுதியிருந்தார்கள்.