கதவில் தண்ணீர் ஊற்றிக் காட்டி விற்ற அலுமாரி: 190,000 ரூபா போன கதை

நேற்றுக் கிளிநொச்சிக் கச்சேரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தேன். அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். புது வீட்டுக்குத் தளபாடம் எடுக்க இருக்கிறவர்கள், கடையில் ரெடிமேட் வாங்குவதா, ஊர்த் தச்சரிடம் செய்விப்பதா என்று யோசிக்கிறவர்கள் வாசியுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு பரந்தனுக்குக் கிட்ட. ஆடியில்தான் பூச்சு வேலை முடிந்தது. சிறுபோக நெல் விற்ற காசு கையில் இருந்தபோதே இரண்டு அறைக்கும் மூன்று கதவு அலுமாரி ஒவ்வொன்று எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தோம். பிள்ளைகளின் உடுப்பு இவ்வளவு நாளும் பயணப் பெட்டியில்தான் கிடந்தது.

முதலில் எங்கள் பக்கத்துத் தச்சர் ஐயாவிடம்தான் கேட்டோம். தேக்கில் இரண்டும் சேர்த்து 290,000 சொன்னார். பாதிக் காசு முன்பணம், மரம் எடுக்க. மரத்தை அரிந்து, பலகைக்குப் பலகை இடையில் குச்சி வைத்து, நிழலில் அடுக்கிக் காய விட வேண்டும், அதனால் மூன்று மாதம் செல்லும் என்றார். "ஈரப் பலகையில செய்தா கதவு கோணும் பிள்ளை, பிறகு என்னைத்தான் திட்டுவியள்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா வேறொரு தச்சரிடம் கட்டில் செய்வித்த கதை எங்கள் தலைக்குள் இருந்தது. இரண்டு மாதம் என்றவர் ஏழு மாதம் இழுத்தார். வந்த கட்டிலின் சட்டத்தில் தேக்கின் வெள்ளைப் பகுதியும் சேர்ந்திருந்து, ஒரு வருசத்துக்குள் உளுத்து மா மாதிரிக் கொட்டத் தொடங்கியது. தச்சரிடம் போனாலும் இப்படித்தான் என்று என் கணவர் சொன்னார். சரி, கடையில் பார்ப்போம் என்று கிளம்பினோம்.

கடையின் பெயரைச் சொல்லவில்லை. ஏ-9 வீதியில் கண்ணாடி போட்ட ஷோரூம், உள்ளே குளிரூட்டி, முகநூலில் நாளுக்கு மூன்று விளம்பரம். அந்த மாதிரி.

நான் ஏமாந்த இடத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உள்ளே போனதும் நான் கேட்ட முதல் கேள்வியே, "தம்பி, மாரி மழைக்கு இது தாங்குமா?" என்பதுதான். அந்தப் பொடியன் சிரித்துக்கொண்டு தன்னுடைய தண்ணீர்ப் போத்தலை எடுத்து, அலுமாரிக் கதவின் மேல் சளசளவென்று ஊற்றினான். ஊற்றிவிட்டு அப்படியே நின்று ஒரு நிமிடம் கதைத்தான். பிறகு துணியால் ஒரு துடை. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை, ஒரு கறை இல்லை. "பாருங்கோ அக்கா, வோட்டர்ப்ரூஃப் போர்ட். உங்கட பேரப்பிள்ளையளும் பாவிப்பினம்." ஐந்து வருட உத்தரவாத அட்டையையும் கையில் தந்தான். இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். தச்சர் மூன்று மாதம் கேட்டார், இவர்கள் பத்து நாள். தச்சர் 290,000, இவர்கள் பொருத்துக்கூலி, லொறி எல்லாம் சேர்த்து 190,000. முழுக் காசையும் அன்றைக்கே கட்டினோம். ஆகஸ்ட் 18.

சொன்னபடி பத்தாம் நாள் சாமான் வந்தது. இரண்டு பொடியன்கள் வந்து இரண்டு மணித்தியாலத்தில் பூட்டி முடித்தார்கள். ஷோரூமில் நின்ற அலுமாரிக்குக் கீழே நான்கு விரல் உயரத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் கால் இருந்தது. எங்களுக்கு வந்ததற்கு இல்லை, பக்கப் பலகை நேராக நிலத்தில் நின்றது. கேட்டால், "அது டிஸ்ப்ளேக்கு அக்கா." கீழ் விளிம்பில் பிளாஸ்டிக் பட்டி ஒட்டியிருந்ததா என்று குனிந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. யார்தான் குனிந்து பார்ப்பார்கள்?

புரட்டாதியில் மழை தொடங்கியது. வீட்டுக்குள் ஒழுக்கு ஏதும் இல்லை. வழக்கம்போல ஈரத் துணியால் நிலம் துடைத்தேன், அவ்வளவுதான். மூன்றாம் கிழமை பெரிய அறை அலுமாரியின் கதவு ஒன்று சாய்ந்து மற்றதில் இடித்தது. திருகாணியை இறுக்கினால் அது சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தபோதுதான் கண்டேன்: பக்கப் பலகையின் அடி, தண்ணீரில் ஊறிய பாண் மாதிரிப் புடைத்து, மேலே ஒட்டிய வெள்ளைத் தாள் வெடித்திருந்தது. பின்பக்கம் இழுத்துப் பார்த்தால் மெல்லிய பின் பலகை முழுக்கப் பூஞ்சணம். இவருடைய சாரங்களில் கறுப்புப் புள்ளி. சிறிய அறையில் நின்றதும் ஒரு கிழமையில் அதே கோலம்.

அக்டோபர் 20 முதல் தடவை அழைத்தேன். "போட்டோ அனுப்புங்கோ அக்கா." பதினொரு போட்டோ அனுப்பினேன். நீலக் குறி இரண்டு விழுந்தது, பதில் இல்லை. நாலு நாள் கழித்து அழைத்தால், மனேஜர் லீவு. பிறகு, டெக்னிஷியன் கொழும்பிலிருந்து வரவேணும். பிறகு, அவர் வந்தவர், உங்கட பக்கம் வெள்ளம் எண்டு திரும்பிப் போயிட்டார். (எங்கள் ஒழுங்கையில் அன்றைக்குக் கணுக்கால் அளவு தண்ணீர்கூட இல்லை.) நேரில் போனேன். தண்ணீர் ஊற்றிக் காட்டிய அதே பொடியன் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டான். வேறொருவர் வந்து உத்தரவாத அட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம், ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில்: நீர், ஈரம், கறையானால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை. "உங்கட வீட்டுல ஈரம் அக்கா. அது பொருளின்ர குறை இல்லை." வோட்டர்ப்ரூஃப் என்று சொன்னீர்களே என்றேன். "யார் சொன்னது? பில்லில இருக்கா?" பில்லில் "அலுமாரி 2, ரூபா 190,000" என்று மட்டும் இருந்தது. என்ன பலகை, எத்தனை மில்லிமீற்றர், ஒன்றும் இல்லை.

வெட்கத்தை விட்டுத் தச்சர் ஐயாவைக் கூட்டிவந்து காட்டினேன். "அப்பவே சொன்னேனே" என்று அவர் ஒரு சொல் சொல்லவில்லை. கீழே குந்தியிருந்து புடைத்த இடத்தைப் பெருவிரலால் அமத்தினார், தூளாகக் கொட்டியது. பிறகு அளவுக்கோலை வைத்தார். மேலே 16 மில்லிமீற்றர் இருந்த பலகை அடியில் 21. "இது மரத்தூளையும் சீவலையும் பசை போட்டு அமத்தின பலகை பிள்ளை. தண்ணி போனா அமத்தின சீவல் திரும்ப எழும்பும். காய்ஞ்சாலும் பழையபடி இறங்காது. எழும்பின இடத்தில திருகாணி பிடிக்க ஒண்டுமில்லை." அதுதான் கதவு சாய்ந்ததற்குக் காரணம்.

அப்படியென்றால் கடையில் தண்ணீர் போகவில்லையே என்றேன். அவர் சிரித்தார். "பலகையின்ர முகத்தில ஊத்தினா எதுக்குள்ளதான் போகும்? அது மெலமைன் தாள், கோப்பை மாதிரி. அவனைக் காலில ஊத்திக் காட்டச் சொல்லியிருக்க வேணும்." தண்ணீர் குடிப்பது மூடாத விளிம்பும் துளைத்த துளைகளும்தானாம். எங்கள் அலுமாரியில் அந்த மூடாத விளிம்பு நிலத்திலேயே நின்றது. நான் துடைத்த ஒவ்வொரு தரமும் அது குடித்திருக்கிறது. நானே என் கையால் ஊட்டியிருக்கிறேன். பூஞ்சணத்துக்கு இன்னொரு காரணமும் சொன்னார்: ஆடியில் பூசிய வெளிச்சுவர், உள்ளீரம் காயும் முன்னமே அதில் ஒட்டி வைத்துவிட்டோம், பின்னால் காற்றுப் போக ஒரு விரல் இடைவெளிகூட விடவில்லை. இதைக் கடைக்காரன் சொல்லவில்லை. தச்சரின் தேக்கு அலுமாரியாக இருந்தாலும் அங்கே பூஞ்சணம் பிடித்திருக்கும் என்று அவரே சொன்னார்.

சரி, இனிக் கச்சேரிக் கதை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம் என்று அத்தான் சொல்லி, பில், போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் அச்செடுத்துக்கொண்டு நேற்று, நவம்பர் 24, போனேன். அங்கிருந்தவர் பில்லின் திகதியைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பொருள் விற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். எனக்கு நவம்பர் 18உடன் முடிந்துவிட்டது. ஆறு நாள். போட்டோ அனுப்புங்கோ, மனேஜர் லீவு, கொழும்பு டெக்னிஷியன், வெள்ளம்... அந்த ஐந்து கிழமையும் எதற்கு என்று அந்த மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் விளங்கியது. 190,000 ரூபா. ஒரு போகத்து நெல்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன். அலுமாரியிலிருந்து உடுப்பெல்லாம் இறக்கிக் கட்டிலில் குவித்துக் கிடக்கிறது, மின்சாரமும் போய்ப் போய் வருகிறது, அதனால் சுருக்கமாக. கடையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினால் நம்ப வேண்டாம், வெட்டிய துண்டு ஒன்று கேட்டு வாங்கி, விளிம்பு கீழே இருக்க ஒரு கோப்பைத் தண்ணீரில் இரவு முழுக்க நிறுத்தி, காலையில் அளந்து பாருங்கள். தரமாட்டேன் என்றால் வெளியே வாருங்கள். நடுப்பக்கம் பச்சையாக இருந்தால் ஈரம் தாங்கும் என்பார்கள், அது சாயம், நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கால் இல்லாததை நிலத்தில் வைக்க விடாதீர்கள். பலகையின் வகையும் தடிப்பும் பில்லில் எழுதாமல் காசு கட்டாதீர்கள், முழுக் காசையும் கட்டவே வேண்டாம். தச்சரிடம் போனால் மரத்தை வெட்டமுன் போய்ப் பாருங்கள், வெள்ளைப் பகுதி சேர்க்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். பிழை கண்ட அன்றைக்கே அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள், எழுத்திலும் கொடுங்கள். கடைக்காரனின் மனேஜர் லீவு முடியும்வரை காத்திருக்காதீர்கள்.

தச்சர் ஐயா நாளைக்கு வருகிறார். அடியில் மூன்று அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, கீழே வேப்பமரச் சட்டம் போட்டு நிறுத்தலாமாம், இரண்டுக்கும் 14,000. மேல் பாதி எத்தனை மாரிக்கு நிற்கும் என்று கேட்டேன். "அதை நான் சொல்ல மாட்டன் பிள்ளை" என்றார்.